விளம்பரம் வந்ததும் அலறும் டிவி: ஆட்டோ வால்யூமைச் சரியாக அமைப்பது எப்படி

சீரியலில் இரண்டு பேர் தாழ்ந்த குரலில் பேசுகிறார்கள். அது காதில் விழ வால்யூமை 18-இல் வைக்க வேண்டியிருக்கிறது. இடைவேளை விட்டதும் நகைக்கடை விளம்பரம் கூரை அதிர வருகிறது. 11-க்கு இறக்குகிறோம். சீரியல் திரும்பி வந்தால் ஒன்றும் கேட்பதில்லை, மறுபடியும் 18. உள்ளறையிலிருந்து "மக்களே, சத்தத்தக் கொற" என்று ஒரு குரல், முன்னறையிலிருந்து "ஒண்ணும் கேக்கல்லியே" என்று இன்னொரு குரல்.

இந்த ஏற்றி இறக்கும் வேலையை டிவியே பார்த்துக்கொள்ள ஓர் அமைப்பு இருக்கிறது. கடந்த பல ஆண்டுகளில் வந்த டிவிகளில் பெரும்பாலானவற்றில் அது உண்டு. ஆனால் பல டிவிகளில் அணைத்துவைத்த நிலையில்தான் வருகிறது. அதை இயக்க அரை நிமிடம் போதும். இயக்கிய பிறகுதான் இரண்டு விதமான புகார் வரும். "போட்டும் ஒரு வித்தியாசமும் இல்லை" என்பார்கள் சிலர். "போட்டதிலிருந்து சத்தம் ஏறி இறங்கித் தலைவலிக்கிறது" என்பார்கள் வேறு சிலர். இரண்டுக்கும் காரணம் உண்டு, இரண்டையும் பெரும்பாலும் சரிசெய்யலாம். அதற்கு இந்த அமைப்பு உள்ளே என்ன செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

விளம்பரம் ஏன் சத்தமாகக் கேட்கிறது

விளம்பரம் வரும்போது சேனல்காரர்கள் வால்யூமைத் திருகி ஏற்றிவிடுகிறார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி எல்லையில்லாமல் ஏற்ற வழியில்லை. டிஜிட்டல் ஒலிக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது. அந்த வரம்பை 0 டெசிபல் என்று வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே உள்ள ஒலிகளை மைனஸ் எண்களில் சொல்வார்கள். சீரியலானாலும் விளம்பரமானாலும் தொடக்கூடிய உச்சம் ஒன்றுதான். வேறுபாடு சராசரியில் இருக்கிறது.

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் இரண்டு பேருந்துகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று எல்லா நிறுத்தத்திலும் நின்று போகிறது, மற்றது எண்ட் டு எண்ட். இரண்டும் மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டாது என்றாலும் போய்ச் சேரும் நேரம் ஒன்றல்ல. சீரியல் முதல் பேருந்து மாதிரி. முணுமுணுப்பு, மௌனம், பெருமூச்சு, நடுவில் ஒரு அறை, அதற்கொரு இடிச்சத்தம். அந்த அறையும் இடியும் மட்டும்தான் உச்சத்தைத் தொடும். விளம்பரத்துக்குக் கிடைப்பது 10 நொடியோ 20 நொடியோதான். அதில் மௌனத்துக்கு இடமில்லை. ஒலிக்கூடத்தில் கம்ப்ரெஸர் என்ற கருவி வழியாக அனுப்பி, மெல்லிய பகுதிகளையெல்லாம் உச்சத்துக்குப் பக்கத்தில் தூக்கி நிறுத்திவிடுகிறார்கள். போதாததற்கு, மனிதக் காது கூர்மையாக உணரும் 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையான பகுதியையும் கூட்டிவைப்பார்கள். உச்சம் மாறவில்லை, காதுக்கு மட்டும் பெரிதாகிவிடுகிறது.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1994-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் உள்ள விளம்பர நெறிமுறை, விளம்பரத்தின் ஒலி அளவுக்கு மீறிச் சத்தமாக இருக்கக்கூடாது என்கிறது. ஆனால் 'அளவு' எவ்வளவு என்று அதில் எண் இல்லை. உச்சத்தை விட்டுவிட்டு, காது உணரும் சராசரிச் சத்தத்தை அளக்கும் முறையைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-இல் வெளியிட்டது. அமெரிக்காவில் 2010-இல் இயற்றிய சட்டம் அந்த அளவையை வைத்துத்தான் விளம்பரத்தை நிகழ்ச்சியோடு ஒட்டவைக்கச் சொல்கிறது; 2012 டிசம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. நம் வீட்டுக் கேபிளில் வரும் உள்ளூர் சேனலுக்கு அதெல்லாம் எட்டாது. ஒரு கணினியிலிருந்து கடை விளம்பரங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிடும் இடத்தில், ஒவ்வொரு கோப்பும் தான் தயாரான சத்தத்திலேயே வெளியே போகும்.

டிவிக்குள் நடக்கும் கணக்கு

ஆட்டோ வால்யூம் என்பது டிவியின் ஸ்பீக்கருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு கண்காணிப்பு. உள்ளே வரும் ஒலியின் சராசரியை அது தொடர்ந்து அளந்துகொண்டே இருக்கும். தான் வைத்திருக்கும் இலக்குக்கு மேலே போனால் குறைக்கும், கீழே போனால் கூட்டும். விளம்பரம் எது, நிகழ்ச்சி எது என்று அதற்குத் தெரியாது. சத்தம் மட்டுமே தெரியும். கீழே வரும் எல்லாச் சிக்கல்களுக்கும் வேர் இதுதான்.

ஓர் எடுத்துக்காட்டில் எண்களை வைத்துப் பார்ப்போம். சீரியலின் பேச்சு சராசரியாக மைனஸ் 27 டெசிபலில் வருகிறது, விளம்பரம் மைனஸ் 17-இல் வருகிறது. இடைவெளி 10 டெசிபல். 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றும். டிவியின் இலக்கு மைனஸ் 22 என்றும், இலக்கிலிருந்து 5 டெசிபல் விலகி வருவதை 1 டெசிபல் விலகலாகச் சுருக்கும் என்றும் வைத்துக்கொள்வோம். சீரியல் 5 கீழே இருந்தது. அது 1 கீழே, அதாவது மைனஸ் 23-க்கு வரும். விளம்பரம் 5 மேலே இருந்தது. அது மைனஸ் 21-க்கு இறங்கும். 10 டெசிபலாக இருந்த இடைவெளி 2 ஆகிவிட்டது. 2 டெசிபலுக்காக யாரும் ரிமோட்டைத் தேட மாட்டார்கள்.

இதில் டிவி செய்தது என்ன? சீரியலுக்கு 4 டெசிபல் கூட்டியது, விளம்பரத்துக்கு 4 டெசிபல் குறைத்தது. இப்போது ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும் நொடியைப் பாருங்கள். சீரியல் ஓடிக்கொண்டிருக்கிறது, டிவி 4 கூட்டிய நிலையில் இருக்கிறது. திடீரென்று விளம்பரம் விழுகிறது. அளந்து முடிப்பதற்குள் அந்த முதல் கணத்தில் விளம்பரத்துக்கும் அதே 4 கூடிவிடும். மைனஸ் 17 என்பது மைனஸ் 13 ஆகத் தெறிக்கும். பிறகுதான் டிவி பிடித்து அழுத்தும். ஆட்டோ வால்யூம் போட்ட வீடுகளில் விளம்பரத்தின் முதல் சொல் மட்டும் 'டப்' என்று வந்து, உடனே அடங்குவது இதனால்தான். அது பழுதல்ல, சராசரியை அளக்க நேரம் வேண்டும், அந்த நேரத்தின் விலை அது.

சீரியல்களில் இந்த 'டப்' பெரும்பாலும் அவ்வளவு கேட்காது. இடைவேளைக்கு முன்னால் அதிர்ச்சி இசை போட்டு முகம் முகமாகக் காட்டுவார்களே, அந்த இசையே டிவியை அழுத்திய நிலைக்குக் கொண்டுபோயிருக்கும். விளம்பரம் வரும்போது கதவு பாதி மூடியிருக்கிறது என்று சொல்லலாம். அமைதியான ஒரு காட்சியில் சட்டென்று வெட்டி இடைவேளை விடும் மலையாளப் படங்களில்தான் இது நன்றாகத் தெரியும்.

திரும்பும் பக்கம் வேறு மாதிரி. விளம்பரம் முடிந்து சீரியல் வந்ததும் முதல் இரண்டு மூன்று நொடிகள் பேச்சு தணிந்து கேட்டு, பிறகு மெதுவாக ஏறும். குறைப்பதை வேகமாகவும் கூட்டுவதை மெதுவாகவும் செய்யும்படி வேண்டுமென்றே அமைத்திருக்கிறார்கள். கூட்டுவதும் வேகமாக நடந்தால், ஒருவர் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையில் மூச்சு வாங்கும் நேரத்தில் பின்னணி இரைச்சல் புஸ்ஸென்று மேலே வரும், பேசத் தொடங்கியதும் கீழே போகும். காதுக்கு அது பெரிய தொல்லை.

முதலில் பாக்ஸின் வால்யூம், பிறகுதான் டிவி மெனு

மெனுவைத் திறக்கும் முன் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. பலர் இதைத் தவறவிடுவதால்தான் 'வித்தியாசமே இல்லை' என்ற புகார் வருகிறது.

கேபிளோ டிஷ்ஷோ, செட்டாப் பாக்ஸுக்குத் தனி வால்யூம் உண்டு. டிவிக்கும் தனி வால்யூம் உண்டு. ஒலி பாக்ஸைத் தாண்டித்தான் டிவிக்கு வருகிறது. ஆட்டோ வால்யூம் உட்கார்ந்திருப்பது டிவிக்குள். பாக்ஸின் வால்யூமைக் கால்வாசியில் வைத்துவிட்டு டிவியை 60, 70 என்று ஏற்றி வைக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அப்போது டிவிக்குள் நுழையும் விளம்பரமே இலக்குக்கு வெகு கீழே இருக்கும். கூட்டுவதற்கும் ஓர் எல்லை இருப்பதால், டிவி சீரியலுக்கும் விளம்பரத்துக்கும் தன்னால் முடிந்த முழு அளவைக் கூட்டிவிட்டு அத்துடன் நின்றுவிடும். இரண்டுக்கும் ஒரே அளவு கூட்டினால் இடைவெளி அப்படியேதான் இருக்கும்.

ஆகவே பாக்ஸின் ரிமோட்டை எடுத்து அதன் வால்யூமை முழு அளவுக்கோ, முழு அளவில் ஒலி கரகரத்தால் ஓரிரு படி கீழேயோ வையுங்கள். அதற்கு முன் டிவியின் வால்யூமைக் குறைத்துவைக்க மறக்க வேண்டாம், வீடு அதிரும். இனிமேல் சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் டிவி ரிமோட்டில் மட்டும். பாக்ஸ் ரிமோட்டால் குறைத்தால் டிவி 'ஒலி தாழ்ந்துவிட்டது' என்று நினைத்து மீண்டும் கூட்டும். பட்டனை ஐந்து முறை அழுத்தியும் சத்தம் கொஞ்சம்தான் குறைந்தது என்று தோன்றுவதற்கு அதுதான் காரணம். பாக்ஸ் ரிமோட்டிலேயே டிவி வால்யூமையும் இயக்கும் வசதி சில பாக்ஸ்களில் உண்டு. அதைப் பழக்கிவைத்தால் ஒரே ரிமோட் போதும்.

மழைக்காலத்தில் கரண்டு போய்வரும் ஊர்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சில பாக்ஸ்கள் கரண்டு போய் வந்ததும் தம் பழைய வால்யூமை மறந்து, நடுத்தர அளவுக்குத் திரும்பிவிடும். நேற்றுவரை நன்றாக இருந்தது, இன்று விளம்பரம் மறுபடி கத்துகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

மெனுவில் எங்கே இருக்கிறது

நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் மாறும், ஒரே நிறுவனத்தில் ஆண்டுக்கு ஆண்டு இடமும் மாறும். ஆனால் எப்போதும் ஒலி தொடர்பான பகுதிக்குள்தான் இருக்கும். சாம்சங் ஸ்மார்ட் டிவிகளில் Settings போய், Sound, அதற்குள் Expert Settings, அதற்குள் Auto Volume. சோனியில் Display & Sound பகுதியின் Sound-க்குள் Advanced auto volume. எல்ஜியில் Sound பகுதியில் Auto Volume என்று தொடங்கும் பெயரில் தேடுங்கள். உள்ளூர்க் கடைகளில் அசெம்பிள் செய்து விற்கும் எல்இடி டிவிகளிலும் பழைய டிவிகளிலும் AVL அல்லது AVC என்ற மூன்றெழுத்தாக இருக்கும். டால்பி வசதியுள்ள ஆண்ட்ராய்டு டிவிகள் சிலவற்றில் Volume Leveler என்ற பெயரில் வரும்.

சிலவற்றில் Off, Normal, Night என்று மூன்று நிலைகள் கிடைக்கும். Normal மிதமாகச் சுருக்கும். Night கூடுதலாக அழுத்தி, மொத்தச் சத்தத்தையும் தாழ்வான ஒரே மட்டத்தில் வைக்கும். தொடக்கத்தில் Normal போதும்.

பெயர் மங்கலாகத் தெரிந்து அழுத்த முடியாமல் இருந்தால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒலி வெளியேறும் வழி டிவி ஸ்பீக்கராக இல்லாமல் சவுண்ட்பாராக இருக்கலாம். அல்லது டிவி தானாகவே ஒலியை மாற்றிக்கொள்ளும் ஏதோ ஒரு சிறப்பு ஒலிமுறையில் இருக்கலாம்; அதை Standard-க்கு மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள். இன்னொரு சிறு விஷயம்: பல டிவிகள் ஒலி அமைப்புகளை ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் தனித்தனியாக நினைவில் வைக்கும். யூடியூப் பார்க்கும்போது ஆட்டோ வால்யூமை இயக்கிவிட்டு, பாக்ஸ் இருக்கும் HDMI 1-க்குப் போனால் அங்கே அணைந்தே இருக்கலாம். பாக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே மெனுவைத் திறந்து இயக்குவது நல்லது.

வேலை செய்கிறதா என்று பார்ப்பது

காதை மட்டும் நம்பினால் சில நாளில் குழப்பம்தான் மிஞ்சும், ஏனென்றால் காது பழகிவிடும். கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் ஒலி அளவி செயலி ஒன்று போதும். கைப்பேசியின் மைக் காட்டும் எண் அப்படியே சரியாக இருக்காது. ஆனால் ஒரே இடத்தில் ஒரே கைப்பேசியால் அளந்த இரண்டு எண்களின் வித்தியாசம் நமக்கு வேண்டிய அளவுக்கு நம்பத்தக்கது.

மின்விசிறியை நிறுத்தி, நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் கைப்பேசியை அசையாமல் வையுங்கள். ஆட்டோ வால்யூம் அணைந்திருக்க, சீரியல் பேச்சை 30 நொடி விட்டு, செயலி காட்டும் சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள். உச்ச எண்ணைப் பார்க்க வேண்டாம். விளம்பரத்தில் ஒரு 30 நொடி. பிறகு ஆட்டோ வால்யூமை இயக்கி, அதே சேனலில், டிவியின் வால்யூம் எண்ணை மாற்றாமல் இன்னொரு சுற்று. முதல் சுற்றில் பேச்சு 54, விளம்பரம் 63 என்றும், இரண்டாம் சுற்றில் 57, 60 என்றும் வந்தால் வேலை நடக்கிறது: 9 இருந்த இடத்தில் 3. இரண்டு சுற்றிலும் அதே 9 என்றால் ஒலி டிவியின் அந்தக் கண்காணிப்பு வழியாகப் போகவில்லை, அல்லது பாக்ஸின் வால்யூம் தாழ்ந்திருக்கிறது.

செயலி இல்லாமலும் ஒரு வழி உண்டு. விளம்பரம் ஓடும்போதே மெனுவில் ஆட்டோ வால்யூமை இயக்குங்கள், அணையுங்கள், இயக்குங்கள். ஒவ்வொரு முறையும் ஒலி லேசாகவாவது மாற வேண்டும். கல்லு மாதிரி அசையாமல் இருந்தால் மேலே சொன்ன அதே காரணங்கள்தான்.

ஹோம் தியேட்டர் வைத்த வீட்டில்

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த ஹோம் தியேட்டரோ, இங்கே வாங்கிய சவுண்ட்பாரோ வைத்திருக்கும் வீடுகள் கொஞ்சமல்ல. ஆட்டோ வால்யூம் ஒரு பயனும் தராமல் போவதும் இந்த வீடுகளில்தான் அதிகம்.

பாக்ஸின் பின்னால் உள்ள சிவப்பு, வெள்ளை ஒயர்களை எடுத்து நேரே ஹோம் தியேட்டரில் செருகியிருப்பார்கள். படம் மட்டும் டிவிக்குப் போகும். ஒலி டிவியைத் தொடவே இல்லை. டிவியின் மெனுவில் என்ன மாற்றினாலும் அந்த ஸ்பீக்கருக்குத் தெரியப்போவதில்லை. ஹோம் தியேட்டரில் உள்ள Night Mode அல்லது DRC உதவும் என்று நினைக்கலாம். ஆனால் பல கருவிகளில் அது டால்பி ஒலி உள்ளே வரும்போது மட்டுமே வேலை செய்யும். சிவப்பு, வெள்ளை ஒயரில் வருவது டால்பி அல்ல.

இதற்குத் தீர்வு ஒயரை மாற்றிப் போடுவதுதான். பாக்ஸிலிருந்து HDMI ஒயர் டிவிக்குப் போகட்டும். டிவியின் ஹெட்போன் துளையிலிருந்து, ஒரு முனையில் 3.5 மில்லிமீட்டர் பின்னும் மறுமுனையில் சிவப்பு, வெள்ளை பின்களும் உள்ள ஒயரால் ஹோம் தியேட்டருக்கு இணையுங்கள். ஹெட்போன் துளையில் வருவது பெரும்பாலும் டிவி தன் வேலையையெல்லாம் முடித்த பிறகு வரும் ஒலி, அதனால் ஆட்டோ வால்யூமும் அதில் சேர்ந்திருக்கும். டிவியின் வால்யூமை 60, 70 சதவீத அளவில் நிறுத்தி, ஹோம் தியேட்டரின் குமிழால் அறைக்கு ஏற்றபடி வைத்துவிட்டு, பிறகு டிவி ரிமோட்டால் ஏற்றி இறக்கலாம். பின்னைச் செருகியதும் டிவியின் சொந்த ஸ்பீக்கர் மௌனமாவது இயல்பு. கிடைப்பது இரண்டு சேனல் ஒலிதான். ஐந்து ஸ்பீக்கரும் தனித்தனியாகப் பேசாது. சீரியலுக்கும் செய்திக்கும் அது ஒரு இழப்பே அல்ல.

HDMI ARC வழியாகவோ ஆப்டிகல் ஒயர் வழியாகவோ சவுண்ட்பார் இணைந்திருந்தால், டிவியின் டிஜிட்டல் ஒலி வெளியீடு எந்த வடிவில் போகிறது என்று பாருங்கள். Pass Through, Bitstream, Auto என்று இருந்தால் டிவி அந்த ஒலியைத் திறக்காமலே கடத்திவிடலாம். பார்சலைப் பிரிக்காதவர் உள்ளே இருப்பதை எப்படித் திருத்துவார்? அதை PCM-க்கு மாற்றினால் டிவி ஒலியைப் பிரித்து அனுப்பும். பாக்ஸின் ஒலி அமைப்பிலும் டால்பி என்பதை Stereo அல்லது PCM ஆக மாற்றலாம். இதன் பிறகும் எல்லா டிவிகளும் வெளியே அனுப்பும் ஒலியைச் சமன்செய்யும் என்று சொல்ல முடியாது. சில டிவிகள் தம் ஸ்பீக்கருக்கு மட்டுமே அதைச் செய்யும். மேலே சொன்ன இயக்கி அணைக்கும் சோதனை ஒரு நிமிடத்தில் விடை சொல்லிவிடும். அசையவில்லை என்றால் ஹெட்போன் வழிதான் மிச்சம்.

தகரக்கூரையும் அதிகாலை வேலையும்

ஆட்டோ வால்யூம் எந்த வீட்டில் உண்மையாகவே தேவை என்பதற்கு ஓர் இடத்தைச் சொல்லலாம். குலசேகரம் பக்கம் தகரக்கூரை போட்ட முன்னறை. வீட்டில் ஒருவர் ரப்பர் பால்வெட்டுக்கு விடியுமுன் எழ வேண்டியவர், எட்டரை மணிக்கே உள்ளறையில் படுத்துவிடுகிறார். மற்றவர்களுக்கு ஒன்பது மணி சீரியல்.

பேச்சு தெளிவாகப் புரிய, அறையின் இரைச்சலைவிட அது ஏறத்தாழ 10 டெசிபல் மேலே இருப்பது வசதி. மின்விசிறி ஓடும் அறையில் இரைச்சல் 45 என்று கொண்டால் பேச்சு 55-இல் இருக்க வேண்டும். அப்போது சமன்செய்யாத விளம்பரம் 65-க்குப் போகும். தூங்குகிறவரை எழுப்புவது அந்த 55 அல்ல, மௌனத்தைக் கிழித்து வரும் அந்த 65. ஆட்டோ வால்யூம் இடைவெளியை 2 ஆக்கினால் விளம்பரம் 57-இலேயே நிற்கும். உள்ளறைக் கதவைச் சாத்தினால் போதும்.

ஆனி, ஆடியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் தகரத்தில் மழை அடிக்கும்போது கணக்கே மாறிவிடும். அறையின் இரைச்சல் 60-ஐ எளிதில் தாண்டும். பேச்சு கேட்க 70 வேண்டும், விளம்பரம் 80 ஆகும். சிறிய டிவி ஸ்பீக்கர் அந்த 80-ஐத் தாங்காமல் கரகரக்கும். கீழே மழை, மேலே ஸ்பீக்கரின் எல்லை. நடுவில் உள்ள ஒடுங்கிய இடத்தில் பேச்சும் விளம்பரமும் இரண்டும் அடங்க வேண்டும். மழை நேரத்தில் Night நிலையைப் போட்டு, டிவியின் வால்யூமை நான்கைந்து எண் கூட்டுங்கள். Night மொத்தச் சத்தத்தைத் தாழ்த்தும் என்பதால் அந்தக் கூடுதல் வேண்டியிருக்கும். குளச்சல், முட்டம் போன்ற கடலோரத்தில் அலை இரையும் நாட்களிலும் இதே வழி செல்லும். மழை விட்டதும் Normal-க்குத் திரும்பிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் அமைதியான காட்சியில் பின்னணி இரைச்சல் எல்லாம் மேலே வந்து கேட்கும்.

எப்போது அணைப்பது

பாட்டுக் கச்சேரி, கோயில் திருவிழா நேரலையில் நாதஸ்வரம், நல்ல ஒலியமைப்புள்ள படம்: இவற்றில் மெல்லியதும் உரத்ததும் வேறுபட்டிருப்பதுதான் கேட்பதன் சுகம். ஆட்டோ வால்யூம் அதைத் தட்டையாக்கிவிடும். தவில் ஓர் அடி விழுந்ததும் நாதஸ்வரம் ஒரு கணம் பின்வாங்குவது கேட்கும். அடித்தது தவில், அடங்கியது எல்லாமும். கிரிக்கெட்டிலும் சிக்ஸர் போனதும் கூட்டத்தின் ஆரவாரம் எழாமல் வர்ணனையோடு சேர்ந்து அமுங்கிப்போகும். விளம்பரமில்லாத நிகழ்ச்சிக்கு இதை இயக்கிவைக்க ஒரு காரணமும் இல்லை.

தமிழ் சேனலிலிருந்து மலையாள சேனலுக்கும் அங்கிருந்து இங்கும் தாவிக்கொண்டிருக்கும் வீட்டில் மட்டும் எப்போதும் இயக்கியே வைப்பதில் இன்னொரு லாபம் உண்டு. சேனலுக்குச் சேனல் இருக்கும் சத்த வேறுபாட்டையும் அது சேர்த்துச் சமன்செய்துவிடும். மாற்றிய முதல் நொடியில் ஒரு துள்ளல், பிறகு ஒரே மட்டம். ஏதோ ஒரு உள்ளூர் சேனல் மட்டும் எல்லாவற்றுக்கும் மேலாகக் கத்தி, கூடவே கிழிந்த மாதிரிக் கரகரத்தால், அந்த ஒலி அனுப்பும் இடத்திலேயே வரம்பில் மோதி நசுங்கியிருக்கிறது. டிவி அதன் சத்தத்தைக் குறைக்கும், கரகரப்பை எடுக்காது. அதற்குக் கேபிள்காரரிடம் சேனலின் எண்ணையும் நேரத்தையும் சொல்லி, உள்ளீட்டு அளவைக் குறைக்கச் சொல்வதுதான் வழி.